ஆர்டர் எண் மட்டும் வந்தால்...

இணையக் கடை ஒன்றின் சாட் பெட்டியில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து செய்தி வருகிறது. அதில் வணக்கம் இல்லை, புகார் இல்லை, கேள்வியும் இல்லை. ஆர்டர் எண் மட்டும் இருக்கிறது. அனுப்பியவர் அதற்கு மேல் எதுவும் எழுதாமல் பதிலுக்குக் காத்திருக்கிறார். கஸ்டமர் கேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் வரும் செய்தி. அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை வாங்குகிற நாமும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அந்த எண்ணை அனுப்புவது பெரும்பாலும் நாம்தான்.

இப்படி எழுதுவதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போனில் அழைத்தால் பதிவு செய்யப்பட்ட குரல் முதலில் ஆர்டர் எண்ணைத்தான் கேட்கிறது. தானியங்கி சாட்டும் அதையே கேட்கிறது. பத்து இடத்தில் கேட்டதை பதினோராவது இடத்தில் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். சிலருக்கு செல்போனில் தமிழ் தட்டச்சு பழக்கமில்லை, ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். சிலர் இதே கதையை ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லிச் சலித்துப் போனவர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: "நம்பரைப் போட்டால் அவங்களுக்கு எல்லாமே திரையில தெரியும்."

அந்த நம்பிக்கை பாதி சரி. மீதிப் பாதியை நிரப்புவதுதான் ஏஜென்ட்டின் வேலை.

எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஆர்டர் எண்ணைத் தேடலில் போட்டால் நிறைய விவரம் வந்து நிற்கும். என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், எப்படிப் பணம் கட்டினார், பார்சல் எந்த ஊர் கிடங்கில் எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது, இதற்கு முன் அவர் எழுதியது, அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் தெரியும். ஃபிரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் போன்ற மென்பொருள்கள் இவற்றையெல்லாம் ஒரே திரையில் கொண்டுவரவே இருக்கின்றன. இந்த இரண்டுமே சென்னையோடு தொடர்புடையவை. ஃபிரெஷ்டெஸ்க் 2010-இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

ஆனால் வாடிக்கையாளருக்கு என்ன குறை என்பது அந்தத் திரையில் இருக்காது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எண்ணைச் சொன்னால் பழைய கேஸ் கட்டு வந்துவிடும், இன்றைக்கு எங்கே வலிக்கிறது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். இங்கும் அதே நிலைமைதான். பெட்டியைப் பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது என்பதை எந்த ஸ்கேனரும் பதிவு செய்வதில்லை.

எனவே ஏஜென்ட்டுக்கு முன்னால் இரண்டு தவறான வழிகள் இருக்கின்றன. ஒன்று, எதையும் படிக்காமல் "உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று கேட்பது. எண்ணைக் கொடுத்த பிறகும் இப்படிக் கேட்டால், கொடுத்ததை இவர் பார்க்கவே இல்லை என்றுதான் வாடிக்கையாளர் நினைப்பார். இன்னொன்று, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது. இரண்டாவது இன்னும் மோசம். பதில் சொல்லியாகிவிட்டது என்று ஏஜென்ட் நினைத்துக்கொள்வார், வாடிக்கையாளருக்கோ எரிச்சல் இரட்டிப்பாகும்.

முதல் நிமிடம்

சாட்டில் வேலை செய்பவருக்கு நேரம்தான் பெரிய நெருக்கடி. முதல் பதில் எத்தனை விநாடியில் போனது என்பதை மென்பொருள் கணக்கெடுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் தயாராக இருக்கும் வார்ப்புப் பதில் ஒன்றைத் தட்டிவிடத்தான் கை போகும்.

அனுபவசாலிகள் இதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் ஒரு சிறு வரி: "வணக்கம். உங்கள் ஆர்டர் விவரத்தைப் பார்க்கிறேன், ஒரு நிமிடம் கொடுங்கள்." இந்த வரி கடிகாரத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறது, ஆள் வந்துவிட்டார் என்று வாடிக்கையாளருக்கும் தெரிவிக்கிறது. அதன் பிறகு கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் உண்மையாகவே படிக்க வேண்டும்.

படிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. எழுதுகிறவரும் ஆர்டர் போட்டவரும் ஒருவர்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, பழைய டிக்கெட் ஏதாவது இருக்கிறதா, அதில் கடை கொடுத்த வாக்கு ஏதாவது நிறைவேறாமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பார்சல் போன பாதை. கடைசியாகப் பண விவரம்.

பழைய டிக்கெட்டைப் பார்சலுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. "நாளை திரும்ப அழைக்கிறோம்" என்று நேற்று யாரோ எழுதியிருந்தால், இன்று எண்ணை மட்டும் அனுப்பியவர் அந்த அழைப்பைத்தான் கேட்கிறார். அவரிடம் மறுபடியும் என்ன பிரச்சினை என்று கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒரு கிரைண்டரின் கதை

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சமையலறைச் சாமான்கள் விற்கும் ஓர் இணையக் கடை. திண்டுக்கல்லில் இருப்பவர் ஒருவர் திங்கட்கிழமை டேபிள்-டாப் கிரைண்டர் ஒன்றையும், அதில் பொருத்துகிற தேங்காய்த் துருவியையும் சேர்த்து ஆர்டர் செய்கிறார். யுபிஐ வழியாக முழுப் பணமும் கட்டிவிட்டார். வியாழக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அவரிடமிருந்து ஆர்டர் எண் மட்டும் வருகிறது.

திரையின் தலைப்பில் "டெலிவரி ஆனது" என்று பச்சை நிறத்தில் இருக்கிறது. அவசரக்காரர் இதோடு நிறுத்திக்கொண்டு, "உங்கள் ஆர்டர் இன்று வெற்றிகரமாக டெலிவரி செய்யப்பட்டது, வேறு உதவி வேண்டுமா?" என்று அனுப்பிவிடுவார். டெலிவரி ஆனது அந்த மனிதருக்குத் தெரியாதா? பெட்டி அவர் காலடியில் இருக்கிறது. அல்லது, வரவே வராத பெட்டியை வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே என்று அவர் பதறிப்போவார்.

நிதானமாகப் படிப்பவர் இன்னும் கீழே போவார். ஆர்டர் ஒன்றுதான், ஆனால் பார்சல் இரண்டு. கிரைண்டர் வியாழன் மதியம் 2.10-க்குக் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. துருவி இன்னும் மதுரை கிடங்கில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதற்கு ஸ்கேன் எதுவும் இல்லை. முதல் பார்சல் போய்ச் சேர்ந்ததும் தலைப்பு பச்சையாக மாறிவிட்டது.

இப்போது மூன்று சாத்தியங்கள். துருவி வரவில்லை என்று கேட்கலாம். கிரைண்டர் வந்ததாகத் திரை சொன்னாலும் அவர் கைக்கு வராமல் இருக்கலாம், பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது, வந்த கிரைண்டரில் சேதம் இருக்கலாம். உள்ளே கனமான கல், வெளியே பிளாஸ்டிக் உடல் என்று இருக்கும் பொருள் லாரியில் உருண்டு வரும்போது உடைவது அபூர்வமில்லை. எதிர்பார்க்க வேண்டியது எது என்று ஏஜென்ட் ஊகிக்கலாம், தவறில்லை. ஆனால் ஊகத்தை முடிவாக எழுதக் கூடாது. அவர் எழுத வேண்டியது இப்படி:

"ஆர்டரைப் பார்த்தேன். கிரைண்டர் இன்று மதியம் டெலிவரி ஆனதாகவும், தேங்காய்த் துருவி மதுரையில் நிற்பதாகவும் காட்டுகிறது. கிரைண்டர் உங்கள் கைக்கு வரவில்லையா, வந்ததில் பிரச்சினையா, அல்லது துருவி பற்றிக் கேட்கிறீர்களா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்."

இந்தப் பதிலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. "டெலிவரி ஆனது" என்று அடித்துச் சொல்லவில்லை, "ஆனதாகக் காட்டுகிறது" என்று சொல்கிறது. திரை தவறாக இருக்கலாம் என்று வாடிக்கையாளர் சொல்ல அது இடம் விடுகிறது. அடுத்து, எண் மட்டும் அனுப்பியவருக்கு நீளமாக எழுதச் சிரமம் இருக்கலாம் என்று எண்ணி, ஒரே வார்த்தையில் பதில் சொல்லும்படி கேட்கிறது.

பதில் வருகிறது: "வந்துச்சு சார். பிரிச்சுப் பார்த்தா அடிப்பக்கம் உடைஞ்சிருக்கு."

ஏஜென்ட் இப்போது படங்கள் கேட்பார். உடைந்த இடம் ஒரு படம், வெளிப்பெட்டி ஒரு படம், பெட்டியில் ஒட்டிய லேபிள் ஒரு படம். பெட்டியின் படம் எதற்கு என்று பலருக்குப் புரிவதில்லை, தன்னை நம்பவில்லையோ என்று நினைக்கிறார்கள். பெட்டியும் நசுங்கியிருந்தால் வழியில் ஆன சேதம், இழப்பைக் கூரியரிடம் கேட்க வேண்டும். பெட்டி சரியாக இருந்து பொருள் மட்டும் உடைந்திருந்தால் கிடங்கில் கட்டியபோதே தவறு நடந்திருக்கலாம். இந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேட்டால் மனக்கசப்பு வராது. பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், திரும்ப எடுக்க வருபவர் அதில்தான் வைத்து எடுத்துப்போவார் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கேள்விதான் நல்ல ஏஜென்ட்டை அடையாளம் காட்டும். "வேறு கிரைண்டர் அனுப்பவா, பணத்தைத் திருப்பித் தரவா? பணம் என்றால் துருவியையும் ரத்து செய்துவிடட்டுமா? அது தனியாகப் பயன்படாதே." உடைந்த கிரைண்டருக்கு மட்டும் பணத்தைத் திருப்பிவிட்டால், நாலு நாள் கழித்துத் துருவி மட்டும் வீட்டுக்கு வந்து சேரும். அப்போது மறுபடி அதே ஆர்டர் எண், மறுபடி ஒரு சாட். வாடிக்கையாளர் கேட்டது ஒன்று, திரையில் தெரிந்த பிரச்சினை இன்னொன்று. இரண்டையும் ஒரே பேச்சில் முடிப்பதுதான் அந்த ஒரு நிமிட வாசிப்பின் பலன்.

குறிப்பில்தான் இருக்கிறது

நம் திண்டுக்கல்காரர் வேறு கிரைண்டரே போதும் என்கிறார். பேச்சு முடிகிறது. ஏஜென்ட்டுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அவசரத்தில் கைவிடப்படுவதும் அதுதான். டிக்கெட்டில் குறிப்பு எழுத வேண்டும்.

"வாடிக்கையாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது" என்று எழுதினால் அடுத்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. இப்படி எழுத வேண்டும்: "கிரைண்டர் அடிப்பாகம் உடைவு. மூன்று படம் வந்தது, பெட்டியும் நசுங்கியிருக்கிறது. மாற்றுப் பொருள் கேட்டார். பழையதை எடுக்க சனிக்கிழமை ஆள் வரும் என்று சொல்லியிருக்கிறேன். துருவி பற்றி மதுரைக்குக் கேட்டிருக்கிறேன், வெள்ளி மாலைக்குள் தகவல் தருவதாக வாக்கு."

சனிக்கிழமை மாலை அதே வாடிக்கையாளர் மறுபடி எண்ணை மட்டும் அனுப்புகிறார் என்று வையுங்கள். இப்போது வேறு ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார். குறிப்பு இருந்தால் அவர் கேள்வியே கேட்க வேண்டியதில்லை. "இன்று கிரைண்டரை எடுக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தோம், வந்ததாகப் பதிவு இல்லை. மன்னிக்கவும், இப்போதே விசாரிக்கிறேன்" என்று தொடங்கலாம். எண்ணைப் போட்டால் எல்லாம் தெரியும் என்ற வாடிக்கையாளரின் நம்பிக்கையை மெய்யாக்குவது மென்பொருள் அல்ல, முந்தைய ஏஜென்ட் எழுதி வைத்த நாலு வரிதான்.

எண் தெரிந்தவரெல்லாம் உரிமையாளர் அல்ல

ஆர்டர் எண் ரகசியமானது இல்லை. பெட்டியில் ஒட்டிய லேபிளிலும், உள்ளே இருக்கும் பில்லிலும் அது இருக்கும். அந்தப் பெட்டி மறுநாள் குப்பைத் தொட்டிக்கு அருகில் கிடக்கும். எடுத்தவர் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைச் சாட்டில் போடலாம்.

கடையின் செயலிக்குள் லாகின் செய்து பேசுகிறவர் என்றால் கணக்கும் ஆர்டரும் பொருந்துகின்றனவா என்று திரையே காட்டிவிடும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்தால், ஆர்டரில் பதிவான எண்ணோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் உடனே சந்தேகப்படவும் கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆர்டர் செய்திருப்பார், ஊரில் இருக்கும் அம்மா தன் போனிலிருந்து எழுதுவார். நம் வீடுகளில் இது வெகு சாதாரணம். அப்போது, "ஆர்டர் செய்தபோது கொடுத்த போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்கலாம். "உங்கள் நம்பர் இதுதானே?" என்று தானே சொல்லிக் கேட்பது தவறு. எதிரில் இருப்பவர் ஏமாற்றுக்காரர் என்றால், அவருக்குத் தெரியாததை நாமே கொடுத்ததாகிவிடும்.

உறுதிப்படுத்தும் வரை முகவரி, போன் எண், வாங்கிய பொருளின் பெயர் எதையும் ஏஜென்ட் எழுதக் கூடாது. மேலே சொன்ன கிரைண்டர் பதில்கூட, ஆள் இவர்தான் என்று தெரிந்த பிறகு எழுதியதுதான். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் இலக்கம் மாறித் தட்டினால் வேறு யாருடைய ஆர்டரோ திறந்துகொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிய மருந்தின் பெயரையோ துணியின் அளவையோ இன்னொருவருக்குச் சொல்லிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

எண் திறக்கவில்லை என்றால்

"இந்த எண் செல்லாது" என்று பதில் அனுப்புவது எளிது, ஆனால் பயனற்றது. வாடிக்கையாளரின் கையில் பல எண்கள் இருக்கின்றன, எது ஆர்டர் எண் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எண்ணின் உருவத்தைப் பார்த்தே அனுபவமுள்ள ஏஜென்ட் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று முடிந்தால் அது அஞ்சல் துறையின் எண். அதில் ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதனால் ஓர் இலக்கம் பிசகினால் பெரும்பாலும் கணினியே கண்டுபிடித்துவிடும். கடைகளின் ஆர்டர் எண்களில் இந்தக் காவல் இருக்கும் என்று நம்ப முடியாது. மூன்று, ஏழு, ஏழு என்று இடைக்கோட்டோடு 17 இலக்கங்கள் இருந்தால் அது அமேசான் ஆர்டர் எண். அங்கே வாங்கிய மிக்ஸிக்கு, மிக்ஸி தயாரித்த நிறுவனத்தின் சாட்டில் அதைப் போட்டால் அவர்களால் திறக்க முடியாது.

12 இலக்க எண் வந்தால் அது யுபிஐ பரிவர்த்தனை எண்ணாக இருக்கலாம். ஆர்டர் எண் இல்லாமல் இதை அனுப்புகிறார் என்றால், பணம் போய் ஆர்டர் பதிவாகவில்லையோ என்று ஏஜென்ட் உடனே யோசிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைச் சொன்னால் பதற்றத்தில் இருப்பவர் கொஞ்சம் நிம்மதி அடைவார், இரண்டாவது முறை பணம் கட்டிவிடவும் மாட்டார்.

எதுவும் பொருந்தாவிட்டால், "இந்த எண்ணில் ஆர்டர் கிடைக்கவில்லை. கடையிலிருந்து உங்களுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்கலாம். தட்டச்சுத் தெரியாதவருக்கும் இது சுலபம்.

பதில் வராதபோது

எண்ணை அனுப்பிவிட்டுப் பலர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அடுப்பில் பால் இருக்கும், பஸ்ஸில் சிக்னல் போயிருக்கும். ஏஜென்ட் கேள்வி கேட்டும் சில நிமிடங்கள் பதில் வராவிட்டால் சாட் தானாக மூடிக்கொள்ளும்படி பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். மூடுவது தவறில்லை, அதைத் "தீர்ந்தது" என்று கணக்கில் எழுதுவதுதான் தவறு. வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருப்பது என்று குறித்து, மூடும் முன் ஒரு வரி விட்டுவைக்க வேண்டும்: "துருவி மதுரையில் நிற்பது பற்றி நானே விசாரிக்கிறேன். வேறு பிரச்சினை என்றால் இங்கேயே எழுதுங்கள், மறுபடி எண் கொடுக்க வேண்டியதில்லை." திரையில் கண்ணெதிரே தெரிகிற தாமதத்தைச் சரிசெய்ய வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வாங்குகிறவர்களுக்கு

எண்ணை மட்டும் அனுப்புவதில் குற்றமில்லை. ஆனால் அதோடு இரண்டு துண்டுச் செய்தி சேர்த்தால் வேலை பாதியாகும். என்ன நடந்தது, என்ன வேண்டும். "கிரைண்டர் உடைஞ்சு வந்துருக்கு, மாத்தித் தரணும்" என்றால் போதும். பேச்சுத் தமிழிலேயே எழுதலாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம், ஒரு படமும் போதும். ஆர்டர் எண்ணைச் சமூக வலைத்தளப் பதிவில் எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடையின் பெயரில் யாராவது போன் செய்து, பணம் திரும்ப வர யுபிஐ பின் போடச் சொன்னால் நம்பாதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை.

பேச்சு முடியும்போது டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, பல விற்பனையாளர்களைக் கொண்ட இணையச் சந்தைகள் ஒவ்வொரு புகாருக்கும் அப்படி ஓர் எண் தர வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அதன் பிறகும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து, ஆர்டர் எண்ணோடு அந்த டிக்கெட் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.